பிடிமானம் இல்லாத இடத்தில் ஒரு திருப்பம்

காவிரியிலிருந்து குடமுருட்டி பிரியும் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் நெல்லும் எலியும் பூனையும் சேர்ந்தே வாழ்கின்றன. அறுவடை முடிந்து மூட்டைகள் வீடு வந்து சேர்ந்ததும் எலிகளும் பின்னாலேயே வந்துவிடும். எலிகளைத் தேடிப் பூனை வரும். பழைய ஓட்டு வீடுகளில் அதற்கு வழி தரையில் இல்லை. பத்தாயத்தின் மேலே தாவி, அங்கிருந்து பரண், பரணிலிருந்து உத்திரம், உத்திரத்திலிருந்து ஓட்டின் இடுக்கு என்று அதன் நடமாட்டம் எல்லாம் மேல் தளத்தில்தான். எலியின் மேலேயே கண்ணாக இருக்கும்போது எப்போதாவது கால் வழுக்கிவிடும். முதுகு கீழே, வயிறு மேலே என்று மல்லாந்து விழத் தொடங்கும் பூனை, தரைக்கு வரும்போது நான்கு காலிலும் நிற்கும். அடுத்த கணம் ஒன்றும் நடக்காதது போல நடந்து போய்விடும்.

இதைப் பார்க்காதவர்கள் நம் ஊரில் குறைவு. பார்த்துப் பழகிவிட்டதால்தான் இதில் எவ்வளவு பெரிய சிக்கல் இருக்கிறது என்று தோன்றுவதில்லை. இயற்பியல் படித்த ஒருவர் இதை முதன்முதலாக யோசித்துப் பார்த்தால் திகைத்துப் போவார். ஏனென்றால் அவர் படித்த விதி இது நடக்கக் கூடாது என்று சொல்வது போலத் தெரியும்.

தரையில் நிற்கும் நீங்கள் வலப்பக்கம் திரும்ப வேண்டுமென்றால் பாதத்தால் தரையை இடப்பக்கமாகத் தள்ளுகிறீர்கள். தரை உங்களைத் திருப்பி விடுகிறது. படகில் இருப்பவருக்குத் தண்ணீர் உண்டு, பறவைக்குக் காற்று உண்டு. உத்திரத்திலிருந்து விழும் பூனைக்குத் தள்ளுவதற்கு எதுவும் இல்லை. புவியீர்ப்பு அதைத் திருப்பாது. உடலின் எல்லாப் பகுதிகளையும் ஒரே முடுக்கத்தில் கீழே இழுப்பதோடு அதன் வேலை முடிகிறது. காற்றின் தடை இந்த உயரத்தில் கணக்கில் சேராத அளவுக்குச் சிறியது. வெளியிலிருந்து திருப்பும் விசை எதுவும் இல்லாதபோது ஒரு பொருளின் கோண உந்தம் மாறாது என்பது விதி. கோண உந்தம் என்பது சுழற்சியின் அளவு. பொருளின் எடை எவ்வளவு, அது அச்சிலிருந்து எவ்வளவு தள்ளிப் பரவியிருக்கிறது, எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்ற மூன்றும் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன. சுழலாமல் விழத் தொடங்கிய பூனைக்கு அது சுழி. தரையைத் தொடும் வரை சுழியாகவே இருந்தாக வேண்டும். அப்படியானால் 180 பாகை எப்படித் திரும்பியது?

இந்தக் கேள்வி பெரியவர்களையும் விடவில்லை. மின்காந்தவியலுக்கு அடித்தளம் போட்ட ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் 1870-இல் தன் மனைவிக்கு எழுதிய கடிதத்தில், கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரியில் தன்னைப் பற்றி உலவிய ஒரு கதையைக் குறிப்பிடுகிறார். பூனை காலில் விழாதபடி எறியும் வித்தையைத் தான் கண்டுபிடித்துவிட்டதாக அங்கே பேசிக்கொண்டார்களாம். உண்மையில் தான் ஆராய்ந்தது, பூனை எவ்வளவு விரைவில் திரும்புகிறது என்பதைத்தான் என்கிறார். மேஜை மேலோ படுக்கை மேலோ சுமார் 2 அங்குல உயரத்திலிருந்து விட்டாலும் அது காலிலேயே இறங்குகிறது என்பது அவர் கண்டது. 2 அங்குலம் விழ நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம்தான் ஆகும். அவ்வளவு குறைந்த நேரத்தில் அரைச்சுற்று முடிந்தது என்றால், பிடித்திருந்த கையை விட்டு விலகும் கணத்திலேயே பூனை அந்தக் கையைத் தள்ளிக்கொண்டு திருப்பத்தைத் தொடங்கியிருக்கும் என்று எண்ணத் தோன்றும். வெறும் கண்ணால் பார்த்து இதைத் தீர்மானிக்க வழியே இல்லை.

கண்ணால் முடியாததைப் படக்கருவி செய்தது. பாரிஸில் எட்டியென்-ழூல் மாரே என்ற உடலியல் அறிஞர், ஓடும் குதிரை, பறக்கும் பறவை, நடக்கும் மனிதர் ஆகியோரின் அசைவுகளைத் துண்டு துண்டாகப் படம்பிடிக்கும் கருவிகளை உருவாக்கி வந்தார். 1894-இல் அவர் நொடிக்குச் சுமார் 60 படம் எடுக்கும் கருவியின் முன்னால் பூனையை நான்கு காலையும் மேலே பிடித்து, மல்லாந்த நிலையில் விட்டார். பக்கவாட்டிலிருந்து ஒரு வரிசை, பின்பக்கத்திலிருந்து ஒரு வரிசை என்று படங்கள் எடுக்கப்பட்டன. அவற்றைப் பாரிஸ் அறிவியல் கழகத்தில் காட்டியபோது பெரிய விவாதம் எழுந்தது. பூனை கையைத் தள்ளிக்கொண்டுதான் திரும்புகிறது என்று அதுவரை பலரும் நம்பியிருந்தார்கள். மாரேயின் முதல் சில படங்களில் பூனை திரும்பவே இல்லை. கையை விட்டு விலகி, சற்றுக் கீழே வந்த பிறகுதான் திருப்பம் தொடங்குகிறது. கையைத் தள்ளிப் பெற்ற சுழற்சி என்றால் முதல் படத்திலேயே அது தெரிந்திருக்க வேண்டும். அத்துடன், கால்கள் கீழ்நோக்கி வந்ததும் பூனையின் சுழற்சி நின்றுவிடுகிறது. கையிலிருந்து சுழற்சியை வாங்கிக்கொண்டு வந்திருந்தால் அது வேண்டிய இடத்தில் நிற்காமல் சுற்றிக்கொண்டே போயிருக்கும்.

கழகத்தில் இருந்த கணித அறிஞர்களுக்கு இது தர்மசங்கடம். விதியும் தவறாக இருக்க முடியாது, படமும் பொய் சொல்லாது. சிக்கலை அவிழ்த்தவர்களில் முக்கியமானவர் எமில் குயூ என்ற கடற்படை அதிகாரி. அவர் சொன்னதன் சாரம் இது. கோண உந்தம் மாறாது என்ற விதியை வைத்து ‘திரும்பவே முடியாது’ என்ற முடிவுக்கு வருவது, வடிவம் மாறாத கல், மரக்கட்டை போன்ற பொருளுக்கு மட்டுமே பொருந்தும். பூனை கட்டை இல்லை. அதன் முன்பாதி ஒரு பக்கமும் பின்பாதி மறுபக்கமும் திரும்பலாம். இரண்டின் கோண உந்தமும் கூட்டினால் சுழி வந்தால் போதும்.

இங்கேதான் பூனையின் தந்திரம் இருக்கிறது. இரண்டு பாதிகளும் எதிரெதிராகத் திரும்பும்போது இரண்டும் ஒரே அளவு திரும்ப வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. எது எவ்வளவு திரும்பும் என்பதை ஒவ்வொரு பாதியின் நிலைமத் திருப்புத்திறன் தீர்மானிக்கிறது. எடை அச்சுக்குப் பக்கத்தில் சுருங்கியிருந்தால் திருப்புவது எளிது, தள்ளிப் பரவியிருந்தால் கடினம். தூரத்தின் இருமடிக்கு ஏற்ப இது கூடும். அச்சிலிருந்து 5 செ.மீ. தள்ளியிருக்கும் பாதத்தை 15 செ.மீ. தூரத்துக்கு நீட்டினால், அந்தப் பாதம் காட்டும் எதிர்ப்பு 9 மடங்காகிறது. ஆக, காலை மடக்குவதும் நீட்டுவதுமே பூனையின் கருவி.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்களை எளிமைக்காக நானே எடுத்துக்கொள்கிறேன். முன்னங்கால்களை மார்போடு மடக்கி, பின்னங்கால்களை நன்றாக நீட்டிய நிலையில், பின்பாதியின் திருப்புத்திறன் முன்பாதியைப் போல 3 மடங்கு என்று வைத்துக்கொள்வோம். இப்போது பூனை இடுப்புத் தசைகளால் உடலை முறுக்குகிறது. முன்பாதி வலப்பக்கம் 90 பாகை திரும்பும்போது, பின்பாதி இடப்பக்கம் 30 பாகைதான் திரும்பும். இரண்டுக்கும் இடையிலான முறுக்கு 120 பாகை. இனி அது கால்களை மாற்றுகிறது: முன்னங்கால்களை நீட்டுகிறது, பின்னங்கால்களை மடக்குகிறது. கால்கள் அச்சை நோக்கியும் அச்சை விட்டும் நேராக நகர்வதால் இந்த மாற்றத்தில் எந்தப் பாதியும் சுழல்வதில்லை. இப்போது முன்பாதிதான் 3 மடங்கு. பூனை முறுக்கை அவிழ்க்கிறது. பின்பாதி வலப்பக்கம் 90 பாகை வருகிறது. முன்பாதி இடப்பக்கம் 30 பாகை பின்வாங்குகிறது. கூட்டிப் பாருங்கள். முன்பாதி 90-லிருந்து 30 கழித்து 60. பின்பாதி முதலில் இழந்த 30-ஐ 90-இலிருந்து கழித்து, அதுவும் 60. முறுக்கு முழுக்க அவிழ்ந்துவிட்டது, கால்களை மறுபடி மாற்றிக்கொண்டால் உடல் பழைய வடிவத்துக்கு வந்துவிடும். ஆனால் பூனை முழுதாக 60 பாகை வலப்பக்கம் திரும்பியிருக்கிறது. இந்த நாடகம் முழுவதிலும் எந்த ஒரு கணத்திலும் அதன் கோண உந்தம் சுழியைத் தாண்டவில்லை.

கால்களை மாற்றாமல் முறுக்கை அவிழ்த்தால் என்ன ஆகும்? முதலில் 90-ம் 30-மாகப் போனவை அதே 90-ம் 30-மாகத் திரும்பி வந்துவிடும். மிச்சம் ஒன்றும் இருக்காது. எனவே திருப்பத்தைத் தருவது முறுக்கு மட்டும் இல்லை, கால் மாற்றம் மட்டும் இல்லை. இரண்டும் எந்த வரிசையில் நடக்கின்றன என்பதுதான். இதைத் தாளில் வரைந்து பார்க்கலாம். கிடைக்கோட்டில் முறுக்கின் அளவு, செங்குத்துக்கோட்டில் கால்களின் நிலை. பூனையின் உடல்வடிவம் இந்தத் தாளில் ஒரு புள்ளி. முறுக்கு, கால்மாற்று, அவிழ்ப்பு, மீண்டும் கால்மாற்று என்று அந்தப் புள்ளி நான்கு பக்கமும் சுற்றி, தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்கிறது. அந்தப் பாதை எவ்வளவு பரப்பை வளைத்தது என்பதை ஒட்டித்தான் பூனை எவ்வளவு திரும்பியது என்பது அமைகிறது. போன கோட்டிலேயே திரும்பி வந்தால் வளைத்த பரப்பு இல்லை, திருப்பமும் இல்லை. இன்னொன்றும் இதிலிருந்து தெரிகிறது: வேகத்துக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை. அதே சுற்றை மெதுவாகச் செய்தாலும் அதே 60 பாகைதான். பூனை அவசரப்படுவது தரை நெருங்குகிறது என்பதற்காக மட்டுமே.

சுழல் நாற்காலி இருந்தால் இதை நீங்களே செய்து பார்க்கலாம். தண்ணீர் நிறைத்த பாட்டில் இரண்டைக் கையில் பிடித்து, காலைத் தரையில் படாமல் தூக்கிக்கொள்ளுங்கள். கைகளை நீட்டி இடமிருந்து வலமாகக் கொண்டுபோனால் நாற்காலி இடப்பக்கம் திரும்பும். கைகளை மார்போடு மடக்கி, மடக்கிய நிலையிலேயே பழைய பக்கத்துக்குக் கொண்டுவந்து, மறுபடியும் நீட்டுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் சிறிது இடப்பக்கம் திரும்பியிருப்பீர்கள். இதில் ஏமாந்து போக ஒரு வழி உண்டு. நாற்காலியின் அச்சில் உள்ள உராய்வைப் பயன்படுத்தி, ஒரு பக்கம் வெடுக்கென்றும் மறுபக்கம் மெதுவாகவும் ஆட்டினாலும் நாற்காலி திரும்பும்; அது தரையைத் தள்ளித் திரும்புவதுதான். உங்கள் நாற்காலி எப்படி என்று அறிய, முதலில் கைகளை மடக்காமல் நீட்டியபடியே போகவும் வரவும் ஒரே வேகத்தில் ஆட்டிப் பாருங்கள். தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்தால் நம்பலாம். வரவில்லை என்றால் உராய்வு வேலை செய்கிறது. அச்சுக்கு எண்ணெய் போட்டுவிட்டுத் தொடருங்கள்.

‘சுற்றிவிட்டுத் தொடங்கிய இடத்துக்கே வந்த பிறகும் மிச்சம் நிற்கும் ஒன்று’ என்ற இந்தக் கருத்து, பூனைக்கு மட்டும் சொந்தமில்லை. இதை ஒளியில் கண்டவர் நம்மவர். காவிரிக் கரையோரம், திருச்சி திருவானைக்காவலில் 1888-இல் பிறந்த சி.வி. ராமனின் சகோதரி மகன் எஸ். பஞ்சரத்னம். 1956-இல், 22 வயதில், பெங்களூரின் ராமன் ஆய்வு நிறுவனத்தில் படிகங்களின் வழியே செல்லும் முனைவாக்கப்பட்ட ஒளியை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒளியின் அதிர்வு எந்தத் திசையில், எந்த விதத்தில் இருக்கிறது என்பதை ஒரு கோளத்தின் மேல் ஒரு புள்ளியாகக் குறிக்கும் வழக்கம் உண்டு. அந்த நிலையை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு, அதிலிருந்து மூன்றாவதுக்கு என மாற்றிக்கொண்டே போய், கடைசியில் முதல் நிலைக்கே கொண்டுவந்தால், ஒளி அதே ஒளியாகத் திரும்புவதில்லை. அதன் அலைக்கட்டம் நகர்ந்திருக்கிறது. எவ்வளவு நகர்ந்தது என்றால், கோளத்தில் அந்தப் பாதை வளைத்த பரப்பில் பாதி. இதை அவர் இந்திய அறிவியல் அகாடமியின் இதழில் வெளியிட்டார்.

அன்று உலகம் இதைப் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1984-இல் பிரிட்டனின் பிரிஸ்டலில் மைக்கேல் பெர்ரி குவாண்டம் இயற்பியலில் இதே போன்ற ஒன்றைக் கண்டு பொதுவிதியாக நிறுவியபோது அது பெரும் புகழ் பெற்றது. 1986-இல் பெங்களூரிலிருந்து எஸ். ராமசேஷனும் ராஜாராம் நித்யானந்தாவும், பஞ்சரத்னம் 30 ஆண்டுகளுக்கு முன்பே இதன் ஒரு வடிவத்தைக் கண்டுவிட்டார் என்று சுட்டிக்காட்டினார்கள். ராமசேஷன் பஞ்சரத்னத்தின் அண்ணன். பெர்ரி அதை மனமார ஏற்று, 1987-இல் பஞ்சரத்னத்தின் கண்டுபிடிப்பைப் பற்றியே தனிக் கட்டுரை எழுதினார். அதே காலத்தில் ஆல்ஃபிரட் ஷேப்பியர், ஃபிராங்க் வில்செக் என்ற இரு இயற்பியலாளர்கள், வடிவம் மாறும் உடல்களின் திருப்பத்துக்கும் இந்த ஒளிக்கட்டத்துக்கும் கணக்கு ஒன்றுதான் என்று காட்டினார்கள். பூனைக்கு வடிவங்களின் தாள், ஒளிக்கு நிலைகளின் கோளம். இரண்டிலும் வளைத்த பரப்புதான் மிச்சத்தைத் தீர்மானிக்கிறது. பஞ்சரத்னம் இதைப் பார்க்க உயிரோடு இல்லை. 1969-இல் ஆக்ஸ்ஃபோர்டில், 35 வயதில் காலமாகிவிட்டார். அவருடைய பெயர் நம் பள்ளிக் குழந்தைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

மீண்டும் பூனைக்கு வருவோம், ஏனென்றால் நாம் போட்ட கணக்கில் ஒரு குறை இருக்கிறது. 120 பாகை முறுக்கினால் 60 பாகைதான் கிடைத்தது, அதாவது பாதி. மல்லாந்த பூனைக்கு வேண்டியதோ 180. ஒரே சுற்றில் அதைப் பெற வேண்டுமானால் முதுகுத்தண்டை 360 பாகை முறுக்க வேண்டும். பூனையின் முதுகு எவ்வளவு வளைந்துகொடுத்தாலும் அது நடக்காத காரியம். மூன்று சுற்று போட்டால் கணக்கு சரியாகிவிடும். ஆனால் படங்களில் பூனை அப்படி மூன்று முறை முறுக்கி அவிழ்ப்பது தெரியவில்லை. ஒரே ஓட்டமாகத் திரும்பிவிடுகிறது. ஆக, கால் மடக்கல் உதவுகிறது, ஆனால் அதுவே முழுக்கதை இல்லை.

மிச்சக் கதையை 1935-இல் நெதர்லாந்தில் ராடமேக்கரும் டெர் பிராக்கும் எழுதினார்கள். அவர்கள் கவனித்தது இடுப்பு வளைவை. விழத் தொடங்கியதும் பூனை நேராக இருப்பதில்லை. நடுவில் மடங்கி, தலைப்பக்கமும் வால்பக்கமும் கீழிறங்கியோ மேலேறியோ ஒரு கோணமாக வளைகிறது. அந்த வளைவை விடாமல் வைத்துக்கொண்டு, முன்பாதி தன் அச்சிலும் பின்பாதி தன் அச்சிலும் உருள்கின்றன. பம்புசெட்டின் ரப்பர் ஹோஸில் ஒரு முழம் எடுத்து, நடுவில் வளைத்து, இரண்டு முனைகளையும் இரு கைகளில் பிடித்து உருட்டிப் பாருங்கள். வளைவு இருந்த இடத்திலேயே இருக்கும். ஆனால் ஹோஸின் மேல்புறம் உள்பக்கமாகவும், உள்பக்கம் வெளியாகவும் உருண்டுகொண்டே வரும். பூனையின் வயிறு அப்படித்தான் மேலிருந்து கீழுக்கு வருகிறது. பூனையின் பக்கம் நின்று சொன்னால், அது முதலில் வயிற்றுப்பக்கம் மடங்கி, பிறகு ஒரு விலாப்பக்கம், பிறகு முதுகுப்பக்கம் என்று வளைவை உடலைச் சுற்றி ஓடவிடுகிறது.

இதில் கோண உந்தம் எப்படிச் சுழியாகிறது? உடல் முழுதாக மடங்கி, இரண்டு பாதிகளும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருப்பதாகக் கற்பனை செய்யுங்கள். அப்போது முன்பாதி ஒரு பக்கம் உருண்டால், வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் பின்பாதி நேர் எதிர்ப்பக்கம் உருள்வதாகத் தெரியும். இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். உடல் நேராக இருந்தால் இரண்டும் ஒரே பக்கம் உருள்வதால் ஈடு இல்லை. அந்த உருளலை ஈடுசெய்ய உடல் முழுதும் எதிர்ப்பக்கம் திரும்பி, கிடைத்த லாபத்தைச் சாப்பிட்டுவிடும். பூனை இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. பாதி ஈடாகிறது, மீதிக்காக வளைந்த உடல் முழுதும் மெல்ல எதிர்ப்பக்கம் சுழல்கிறது. வளைந்த உடலின் திருப்புத்திறன் அதிகம் என்பதால் இந்த எதிர்ச்சுழற்சி சிறியதாகவே இருக்கிறது. எவ்வளவு நன்றாக மடங்குகிறதோ அவ்வளவு லாபம்.

1969-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் தாமஸ் கேனும் எம்.பி. ஷெரும் இதை முழுக் கணிதமாக்கினார்கள். பூனையை இரண்டு உருளைகளாக எடுத்துக்கொண்டு, நடுவில் முறுக்கே இல்லாமல் வளைவை மட்டும் வைத்து, 180 பாகைத் திருப்பம் கிடைக்கும் என்று காட்டினார்கள். கணினி வரைந்த உருவத்தைப் பூனையின் படங்கள் மேல் வைத்தபோது அவை நன்றாகப் பொருந்தின. இந்த ஆய்வுக்கு விண்வெளித் துறை ஆதரவு தந்தது. விண்கலத்துக்கு வெளியே மிதப்பவருக்கும் பூனையின் அதே சிக்கல்தான். கைகால்களை எந்த வரிசையில் அசைத்தால் எந்தப் பக்கம் திரும்பலாம் என்று வகுத்துக் கொடுப்பது கேனின் வேலைகளில் ஒன்றாக இருந்தது.

வால் பற்றி ஒரு வார்த்தை. பூனை வாலைச் சுழற்றித்தான் திரும்புகிறது என்று நம் ஊரில் பலர் சொல்வார்கள். இத்தாலியக் கணித அறிஞர் பேயானோவும் 1895-இல் அப்படித்தான் கருதினார். ஆனால் வால் இல்லாத மாங்க்ஸ் இனப் பூனைகளும் நன்றாகவே திரும்புகின்றன. வால் சிறிது உதவலாம், அது இன்றியும் முடியும். வாலையே முழுக்க நம்பியிருப்பது நம் வீட்டுச் சுவர்ப் பல்லியின் உறவினங்கள். 2008-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் நடந்த ஆய்வில், மல்லாந்து விழுந்த தட்டைவால் பல்லிகள் வாலை ஒரு பக்கம் சுழற்றி, உடலை மறுபக்கம் திருப்பி, நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் வயிறு கீழாக வந்துவிட்டன. வால் உதிர்ந்தவற்றால் அப்படித் திரும்ப முடியவில்லை.

எந்தப் பக்கம் தரை என்று பூனைக்கு எப்படித் தெரிகிறது? உட்காதில் உள்ள சமநிலை உறுப்பும் கண்ணும் சேர்ந்து சொல்கின்றன. கண்ணைக் கட்டினாலும் ஆரோக்கியமான பூனை திரும்பும். ஆனால் இங்கே ஒரு நுட்பம் உண்டு. விழும்போது காதின் உறுப்புக்குப் புவியீர்ப்பு தெரியாது. அதுவும் உடலோடு சேர்ந்தே விழுகிறது. எனவே விழத் தொடங்குவதற்கு முன் எந்தப் பக்கம் கீழே இருந்தது என்ற கடைசிச் செய்தியைக் கொண்டே மூளை இயங்க வேண்டும். 1950-களில் அமெரிக்க விமானப்படை, எடையின்மை உண்டாகும்படி விமானத்தை வளைவாக ஓட்டி, உள்ளே பூனைகளை விட்டுப் பார்த்தது. எடையின்மை நீண்டபோது பூனைகளுக்கு எந்தப் பக்கம் திரும்புவது என்ற அனிச்சை மங்கிப்போனது. குட்டிகளுக்கு இந்த அனிச்சை பிறவியிலேயே முழுமையாக வருவதில்லை. 3, 4 வார வயதில் தலைகாட்டி, 6, 7 வாரத்தில் நன்றாகப் படிகிறது. பரணில் குட்டி போட்டிருக்கும் பூனையின் குட்டிகள் அதற்கு முன்பு தவறி விழுந்தால் தாயின் தந்திரம் அவற்றுக்கு இருக்காது.

இனி இறங்குவது. 3 மீட்டர் உயர உத்திரத்திலிருந்து விழ 0.78 நொடி ஆகும். தரைக்கு வரும்போது வேகம் மணிக்கு 28 கி.மீ. திருப்பம் பாதி வழியிலேயே முடிந்துவிடும். மிச்ச வழியில் பூனை முதுகை வில்லாக்கி, கால்களைக் கீழே நீட்டி இறங்கத் தயாராகிறது. விழுந்த உயரத்தை, நிற்க எடுத்த தூரத்தால் வகுத்தால், உடல் மேல் சராசரியாக அதன் எடையைப் போல எத்தனை மடங்கு விசை விழுகிறது என்று தோராயமாகத் தெரியும். கால்கள் மடிந்து 15 செ.மீ. இடம் கொடுத்தால் 20 மடங்கு. முதுகோ விலாவோ நேராகச் சிமென்ட் தரையில் பட்டு 2 செ.மீ.க்குள் நின்றால் 150 மடங்கு. காலில் விழுவதால் கிடைக்கும் லாபம் இந்த 20-க்கும் 150-க்கும் உள்ள வேறுபாடு. அதன் தோள்பட்டை எலும்பு காறை எலும்போடு இறுக்கமாகப் பூட்டப்படாமல் தசையில் தொங்குவதால், முன்னங்கால்கள் நன்றாக மடிந்து அடியைத் தாங்குகின்றன.

உயரம் கூடக் கூட இந்தப் பாதுகாப்பு கரைந்துபோகிறது. 1987-இல் நியூயார்க் கால்நடை மருத்துவர்கள் விட்னியும் மெல்ஹாஃபும், மாடியிலிருந்து விழுந்து தங்களிடம் கொண்டுவரப்பட்ட 132 பூனைகளைப் பற்றி எழுதினார்கள். சிகிச்சை பெற்றவற்றில் சுமார் 90 விழுக்காடு பிழைத்தன. 7 மாடி வரை காயம் கூடிக்கொண்டே போய், அதற்கு மேல் குறைந்தது என்று அவர்கள் சொன்னது உலகம் முழுக்கப் பரவியது. ஒரு கட்டத்துக்கு மேல் காற்றின் தடையால் வேகம் கூடாமல் நின்றுவிடும், பூனையும் உடலைத் தளர்த்திக் கால்களைப் பரப்பிக்கொள்ளும் என்பது அவர்கள் தந்த விளக்கம். அதில் உண்மை இருக்கலாம். ஆனால் விழுந்த இடத்திலேயே இறந்த பூனையை யாரும் மருத்துவமனைக்குக் கொண்டுபோவதில்லை. அந்தக் கணக்கில் அவை இல்லை. இந்த எண்ணை வைத்துக்கொண்டு உயரத்தில் பூனைக்கு ஆபத்து குறைவு என்று சொல்வது தவறு. பூனையைப் போட்டுப் பார்த்துச் சோதிக்க வேண்டிய தேவையும் இன்று யாருக்கும் இல்லை. மாரே எடுத்த படங்களே போதும்.

காலில் நின்றுவிட்டது என்பதால் அடிபடவில்லை என்று விட்டுவிடவும் கூடாது. உயரத்திலிருந்து இறங்கும்போது கால்கள் மடிந்து, மார்பும் தாடையும் தரையில் மோதுவது வழக்கம். அதனால் மேலண்ணம் பிளப்பது, பல் உடைவது, நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிவது ஆகியவை வெளியே தெரியாமல் நடக்கும். விழுந்த பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், மூக்கிலோ வாயிலோ ரத்தம் தெரிந்தால், தின்ன மறுத்து மூலையில் ஒடுங்கினால், ஒரு காலை ஊன்றாமல் தூக்கிக்கொண்டே நடந்தால், அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். கூடையிலோ அட்டைப்பெட்டியிலோ துணி விரித்து, மார்பை அழுத்தாமல் தூக்கி வையுங்கள்.